இரும்பின் பூர்பே வரைபடம்: எப்போது அரிக்கும், எப்போது அரிக்காது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"25°C, pH 7, குளோரைடு இல்லாத தண்ணீரில் ஒரு இரும்புத் தகடு. கெலோமல் மின்முனையை வைத்து அளந்தால் −0.69 வோல்ட். இது அரிக்குமா, எப்படிக் காப்பாற்றுவது? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை."

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்த −0.69 எதை வைத்து அளந்தது என்று பாருங்கள். எந்த pH-ல், எந்த மின்னழுத்தத்தில் இரும்பு எந்த உருவில் நிலையாக இருக்கும் என்று காட்டுவதுதான் பூர்பே வரைபடம். கிடை அச்சு pH, செங்குத்து அச்சு மின்னழுத்தம். அந்தச் செங்குத்து அச்சு திட்ட ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்ஜியமாக வைத்தது. கேள்வியில் உள்ள எண் நிறைவுற்ற கெலோமல் மின்முனையைப் பூஜ்ஜியமாக வைத்தது. அந்த மின்முனை ஹைட்ரஜன் அளவுகோலில் +0.241 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. எனவே அதைக் கூட்ட வேண்டும்:

```
E(SHE) = −0.69 + 0.241 = −0.449 V
```

இந்த ஒரு வரி விட்டுப்போனால் விடை கொஞ்சம் பிசகுவதோடு நிற்காது, தலைகீழாகவே மாறிவிடும். pH 7-ல் இரும்பு உலோகமாகவே நிற்கும் பகுதி −0.617 வோல்ட்டுக்குக் கீழே தொடங்குகிறது. −0.69 என்று அப்படியே குறித்தால் புள்ளி அதற்குள் விழும், "அரிக்காது" என்று எழுதுவீர்கள். −0.449 என்று குறித்தால் அரிமானப் பகுதிக்கு நடுவில் விழும். மாணவனாக இருந்தபோது நானும் இதைத் தவறவிட்டிருக்கிறேன். தகடு ஆய்வகக் கண்ணாடிக் குவளையில் பழுப்பேறிக்கொண்டிருக்க, என் நோட்டில் மட்டும் அது பத்திரமாக இருந்தது.

"மூன்று பகுதிகள் என்கிறார்களே, அவற்றுக்கு நடுவில் உண்மையில் என்ன வித்தியாசம்?"

அந்த மின்னழுத்தத்திலும் அந்த pH-லும் இரும்பு எந்த உருவில் நிலையாக இருக்கும் என்பதுதான் வித்தியாசம். Fe ஆகவே நிலையாக இருந்தால், கரைவதற்கு அதற்குக் காரணமே இல்லை. இதை அரிமானம் அண்டாத நிலை எனலாம், வகுப்பில் இம்யூனிட்டி என்பார்கள். Fe²⁺, Fe³⁺ போன்ற கரையும் அயனிதான் நிலையானது என்றால் உலோகம் கரைந்து போகும், அது அரிமானம். Fe₃O₄ அல்லது Fe₂O₃ போன்ற திண்மம்தான் நிலையானது என்றால், அது மேற்பரப்பில் படிந்து உலோகத்தை மூடக்கூடும். அது செயலற்ற நிலை.

கடைசி வாக்கியத்தில் "மூடக்கூடும்" என்றுதான் எழுதினேன், கவனியுங்கள். செயலற்ற பகுதியில் உலோகம் வினைபுரியத்தான் விரும்புகிறது, வினைபடுபொருள் வழியை அடைத்துக்கொள்வதால் நிற்கிறது. அந்தப் படலம் இறுக்கமாக ஒட்டியிருக்குமா, பொடிப்பொடியாக உதிருமா என்பது வரைபடத்துக்குத் தெரியாது. அண்டாத நிலையில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டையும் "அரிக்காது" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் மதிப்பெண் போவது இதனால்தான்.

"எல்லாக் கோடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?"

வேண்டாம். நீர்த்த அமிலத்திலிருந்து மிதமான காரம் வரை வரும் கேள்விகளுக்கு ஐந்து கோடுகள் போதும். கரைந்த இரும்பின் செறிவு 10⁻⁶ M, வெப்பநிலை 25°C என்று வைத்து:

```
Fe / Fe2+       E = −0.617
Fe / Fe3O4      E = −0.085 − 0.0591 pH
Fe2+ / Fe3O4    E =  1.512 − 0.2364 pH
Fe2+ / Fe2O3    E =  1.082 − 0.1773 pH
Fe3O4 / Fe2O3   E =  0.221 − 0.0591 pH
```

சாய்வுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சமன்பாட்டைப் பார்த்தாலே வந்துவிடும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் m ஹைட்ரஜன் அயனிகளும் n எலக்ட்ரான்களும் ஒரே பக்கத்தில் வந்தால் சாய்வு −0.0591 × m/n. எடுத்துக்காட்டாக,

```
Fe2O3 + 6H+ + 2e− → 2Fe2+ + 3H2O
```

இதில் m = 6, n = 2. ஆக மூன்று மடங்கு, 0.1773. Fe²⁺-லிருந்து Fe-க்குப் போகும் வினையில் H⁺ இல்லை, அதனால் கோடு படுத்திருக்கிறது. எலக்ட்ரானே இல்லாமல் H⁺ மட்டும் வந்தால் கோடு நிமிர்ந்து நிற்கும். Fe³⁺-க்கும் Fe₂O₃-க்கும் நடுவில் pH 1.76-ல் நிற்கும் கோடு அப்படிப்பட்டது.

"சரி, −0.449 கிடைத்துவிட்டது. அப்புறம் வரைபடத்தில் எப்படி நடப்பது?"

pH 7-ல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கீழிருந்து மேலே ஏறுங்கள்.

அடியில் Fe. −0.617-ஐத் தொட்டதும் Fe²⁺ பகுதிக்குள் நுழைகிறீர்கள். அடுத்த எல்லை எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். Fe₃O₄ வருமா, நேராக Fe₂O₃ வருமா? Fe₃O₄ பகுதி வரைபடத்தில் ஒரு ஆப்பு போல இருக்கிறது. அதன் கூர்முனை Fe²⁺, Fe₃O₄, Fe₂O₃ மூன்றும் சந்திக்கும் இடம். கடைசி இரண்டு கோடுகளையும் சமப்படுத்தினால்:

```
1.082 − 0.1773 pH = 0.221 − 0.0591 pH
pH = 0.861 / 0.1182 = 7.28
```

நம்முடைய 7 அந்த முனைக்கு இடப்பக்கம். அதனால் இங்கே Fe₃O₄ வராது, Fe²⁺-க்கு மேலே நேராக Fe₂O₃தான். அந்த எல்லை 1.082 − 0.1773 × 7 = −0.159 வோல்ட்.

ஆக pH 7-ல் −0.617-க்குக் கீழே அண்டாத நிலை, −0.617-லிருந்து −0.159 வரை அரிமானம், அதற்கு மேலே செயலற்ற நிலை. −0.449 நடுப்பகுதியில் இருக்கிறது. தகடு Fe²⁺ ஆகக் கரையும்.

"தண்ணீருக்கான இரண்டு புள்ளிக்கோடுகள் எதற்கு? அவற்றை விட்டுவிட்டாலும் விடை வருகிறதே?"

இரும்பு கரையுமா என்ற விடை வரும். கரையும்போது வெளியேறும் எலக்ட்ரானை யார் வாங்குவது என்ற விடை வராது. அதைத்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன.

கீழ்க்கோடு −0.0591 pH. புள்ளி இதற்குக் கீழே இருந்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வெளியேற முடியும். மேல்கோடு 1.228 − 0.0591 pH. இதற்குக் கீழே இருக்கும் வரை கரைந்த ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள முடியும். pH 7-ல் இவை −0.414, +0.814. நம் −0.449 இரண்டுக்கும் கீழே இருப்பதால் இரண்டு வினைகளும் சாத்தியம். ஆனால் ஹைட்ரஜன் கோட்டிலிருந்து 0.035 வோல்ட்தான் இறங்கியிருக்கிறோம், ஆக்சிஜன் கோட்டிலிருந்து 1.26 வோல்ட் இறங்கியிருக்கிறோம். காற்றுபட்ட தண்ணீரில் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது முக்கியமாக ஆக்சிஜன்தான் என்று எழுத இது போதும்.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. Fe/Fe₃O₄ கோட்டையும் ஹைட்ரஜன் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சாய்வு, முதலாவது எங்கும் 0.085 வோல்ட் கீழே. அமிலப் பக்கத்தில் இடைவெளி இன்னும் பெரிது. அதாவது இரும்பின் அண்டாத பகுதி முழுவதும் ஹைட்ரஜன் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. அங்கே இரும்பை வைத்திருக்க வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது எலக்ட்ரான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கம் தண்ணீரில் தானாகவே அண்டாத நிலையில் இருக்கும், இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"10⁻⁶ M என்ற எண் எங்கிருந்து வந்தது? இயற்கை விதியா?"

இல்லை, ஒரு வழக்கம். லிட்டருக்கு ஏறத்தாழ 0.056 மில்லிகிராம் இரும்பு. இவ்வளவுகூடக் கரையவில்லை என்றால் நடைமுறையில் அரிமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம் என ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்செல் பூர்பே 1963-ல் பிரெஞ்சிலும் 1966-ல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு இந்த வழக்கத்தைப் பரப்பியது.

வேறு செறிவு கொடுத்தால் படுத்த கோட்டை மட்டும் திருப்பிக் கணக்கிட்டால் போதாது, Fe²⁺ வரும் எல்லாக் கோடுகளும் நகரும். படுத்த கோட்டுக்கு E = −0.440 + 0.0295 log[Fe²⁺]. பத்து மடங்குக்கு 0.0295 வோல்ட் ஏறும். 10⁻² M என்றால் −0.499.

இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் "அரிமானப் பகுதி" என்ற சொல்லுக்கு உருவம் கிடைக்கும். நம் தகடு இருக்கும் −0.449-ல் எவ்வளவு Fe²⁺ சேர்ந்தால் கரைவது நிற்கும்? log[Fe²⁺] = −0.009/0.0295, அதாவது சுமார் 0.5 M. லிட்டருக்குக் கிட்டத்தட்ட 28 கிராம் இரும்பு. கோட்பாட்டளவில் அவ்வளவு தூரம் கரைய அதற்கு விருப்பம் இருக்கிறது. நிஜத்தில் அதற்கு முன்பே ஹைட்ராக்சைடு வீழ்படிந்துவிடும்.

"காப்பதற்கு மூன்று வழி எழுதச் சொல்கிறார்கள். புள்ளியிலிருந்து மூன்று அம்பு போட்டால் போதுமா?"

அம்பு போடுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம், என்ன ஆபத்து என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது விடையாகும்.

கீழே போகும் அம்பு, எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு. −0.449-லிருந்து −0.617-க்குக் கீழே, அதாவது குறைந்தது 0.168 வோல்ட் இறக்க வேண்டும். துத்தநாகத்தையோ மக்னீசியத்தையோ இணைக்கலாம், அல்லது வெளியிலிருந்து மின்னோட்டம் தரலாம். மேலே சொன்னபடி அங்கே ஹைட்ரஜன் வெளியேறும். அளவுக்கு மீறி இறக்கினால் மேல்பூச்சு உரிந்து வரும், வலிமை மிகுந்த எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையும்.

மேலே போகும் அம்பு, மின்னழுத்தத்தை −0.159-க்கு மேலே தூக்கி Fe₂O₃ பகுதிக்குள் கொண்டுபோவது. கிட்டத்தட்ட 0.29 வோல்ட் ஏற்றம். வெளி மின்னோட்டத்தாலும் செய்யலாம், குரோமேட் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களாலும் செய்யலாம். எனக்கு இந்த வழி மீது எப்போதும் ஒரு பயம் உண்டு. பாதி தூரம் மட்டும் ஏற்றினால் புள்ளி இன்னும் அரிமானப் பகுதியில்தான் இருக்கும், ஆனால் கரைவதற்கான உந்துதல் முன்பைவிடக் கூடியிருக்கும். தடுப்பானைக் குறைவாகப் போடுவது, போடாமலே விடுவதைவிட மோசமாக முடிவது இதனால்தான்.

வலப்பக்கம் போகும் அம்பு, pH-ஐ உயர்த்துவது. மின்னழுத்தம் அப்படியே இருந்தால் Fe²⁺/Fe₃O₄ கோட்டை எங்கே கடப்போம்?

```
1.512 − 0.2364 pH = −0.449
pH = 1.961 / 0.2364 ≈ 8.3
```

ஆக 8.3-ஐத் தாண்டினால் Fe₃O₄ படலம் நிலையானது. pH 10-க்குக் கொண்டுபோனால் Fe²⁺ பகுதியே கிடையாது: −0.676 வரை Fe, அங்கிருந்து −0.370 வரை Fe₃O₄, அதற்கு மேல் Fe₂O₃. கொதிகலன் தண்ணீரைக் காரமாக வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு எச்சரிக்கை: pH மாறும்போது தகட்டின் மின்னழுத்தமும் தானாக நகரும், கணக்கில்தான் அது அசையாமல் நிற்கிறது. அப்புறம், காரம்தானே என்று போட்டுக்கொண்டே போகவும் முடியாது. pH 13-க்கு மேலே, வரைபடத்தின் வலது கீழ் மூலையில் HFeO₂⁻ என்ற சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே இரும்பு மறுபடி கரையும்.

"மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்களைக் காக்க −0.85 வோல்ட் போதும் என்று படித்தேன். மாற்றிப் பார்த்தால் அண்டாத பகுதிக்குள்ளேயே வரவில்லையே?"

நல்ல கேள்வி, கணக்கும் சரி. அந்த −0.85 நிறைவுற்ற தாமிரம்/தாமிர சல்பேட் மின்முனையை வைத்தது. அதற்கு +0.316 கூட்டினால் −0.534 வோல்ட். −0.617-க்கு மேலேதான் நிற்கிறது.

வரைபடத்தில் நீங்கள் குறித்தது தொலைவில் இருக்கும் மண்ணின் pH. குழாயின் தோலில் நடப்பது வேறு. எதிர்மின்வாயில் ஆக்சிஜனும் தண்ணீரும் எலக்ட்ரானை வாங்கும்போது OH⁻ பிறக்கிறது, உலோகத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கு காரமாகிறது. அங்கே pH 10 ஆகிவிட்டால் −0.534 எங்கே விழும்? −0.676-க்கும் −0.370-க்கும் நடுவில், Fe₃O₄ பகுதியில். ஆக குழாய் தப்பிப்பது பெரும்பாலும் கீழே போனதால் மட்டுமல்ல, வலப்பக்கம் நகர்ந்ததாலும்தான். தேர்வில் pH மேற்பரப்புக்கு உரியதா, மொத்தக் கரைசலுக்கு உரியதா என்று சொல்லாவிட்டால், மொத்தக் கரைசல் என்று எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதை எழுதிவிடுங்கள்.

"என் புத்தகத்தில் உள்ள படத்தில் Fe(OH)₂, Fe(OH)₃ என்று இருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரி. நீரற்ற ஆக்சைடுகளை வைத்து ஒரு படம், ஹைட்ராக்சைடுகளை வைத்து ஒரு படம். புதிதாக வீழ்படிவது ஹைட்ராக்சைடு, நாள்பட நிலைபெறுவது ஆக்சைடு. ஹைட்ராக்சைடு படத்தில் செயலற்ற பகுதி சுருங்கியிருக்கும். −0.617 கோடு இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் படம் என்று குறிப்பிடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

"விடைத்தாளில் எவ்வளவு எழுதினால் போதும்?"

முதல் கணக்குக்கு இவ்வளவு போதும்: "−0.69 வோல்ட் (கெலோமல்) = −0.449 வோல்ட் (ஹைட்ரஜன்). 25°C, 10⁻⁶ M, ஆக்சைடு வரைபடம். pH 7-ல் Fe/Fe²⁺ எல்லை −0.617, Fe²⁺/Fe₂O₃ எல்லை −0.159. புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரும்பு Fe²⁺ ஆக அரிக்கும். புள்ளி −0.414-க்கும் கீழே இருப்பதால் ஹைட்ரஜன் வெளியேற்றம் சாத்தியம், காற்றுபட்ட நீரில் ஆக்சிஜன் ஒடுக்கமே முதன்மை. வரைபடம் வேகத்தைத் தராது." பிறகு மூன்று அம்புகளுடன் ஒரு சிறு படம். முழு வரைபடமும் வேண்டாம், pH 6-லிருந்து 10 வரை உள்ள துண்டு போதும்.

"வரைபடம் செயலற்றது என்கிறது, ஆனால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதே?"

கான்கிரீட்டின் துளைநீர் pH 12.5-க்கும் மேலே. அங்கே Fe₃O₄/Fe₂O₃ எல்லை சுமார் −0.52 வோல்ட், கம்பி வழக்கமாக அதற்கு மேலே இருக்கும். ஆக Fe₂O₃, செயலற்றது. ஆனால் கடற்கரை ஊர்களில் மாடிக் கூரையின் அடியில் காரை பெயர்ந்து, உப்பிய கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் குளோரைடு. இரும்பு–தண்ணீர் வரைபடத்தில் இரும்பும் தண்ணீரும் மட்டும்தான் இருக்கின்றன, உப்பு இல்லை. குளோரைடு படலத்தை அங்கங்கே துளைக்கிறது. துளைக்குள் கரைந்த இரும்பு நீராற்பகுப்படைந்து H⁺ விடுகிறது, உள்ளே pH அமிலப் பக்கம் சரிகிறது. கம்பியின் மற்ற பகுதிக்கு உரிய புள்ளி 12.5-லேயே இருக்க, துளையின் புள்ளி மட்டும் இடப்பக்கம் ஓடி Fe²⁺ பகுதிக்குள் விழுந்துவிடுகிறது. ஒரே கம்பிக்கு இரண்டு புள்ளிகள் குறிக்க வேண்டிய இடம் இது.

"அப்படியானால் அடர் நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரையாமல் இருப்பது? அங்கே pH பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், படம் அரிமானம் என்கிறதே."

படம் சமநிலையைச் சொல்கிறது, வினை எவ்வளவு வேகத்தில் அங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்வதில்லை. pH 1.76-க்கு இடப்பக்கம், உயர்ந்த மின்னழுத்தத்தில் நிலையானது Fe³⁺தான், Fe₂O₃ அங்கே நிலையானதல்ல. ஆனாலும் அடர் அமிலம் மின்னழுத்தத்தை மிக உயரத்துக்குத் தூக்கும்போது ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் சட்டென்று உருவாகிவிடுகிறது, அது கரைவது மிக மெதுவாக. ஃபாரடே 1836-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அடர் அமிலத்தில் அமிழ்த்திய இரும்பு ஆணி சும்மா கிடக்கும். மெதுவாகத் தண்ணீர் சேர்த்து அமிலத்தை நீர்த்தாலும் அப்படியே கிடக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடிக் கம்பியால் அதை ஒரு கீறு கீறினால் போதும், செம்பழுப்புப் புகை பொங்கி ஆணி கரையத் தொடங்கிவிடும்.